மேம்–தேத்–ஹே: ஆதியாகமம் 47:31இல் கட்டிலா, கோலா? புள்ளி இல்லாமல் படிக்கும்போது எப்படி முடிவு செய்கிறீர்கள்?

தாமிரபரணி_ஜோ

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக எபிரெயம் படிக்கிறேன். நிக்குத், அதாவது உயிர்ப்புள்ளி போட்ட பாடம் இப்போது ஓரளவு ஓடுகிறது. போன மாதம் ஆப்பில் புள்ளிகளை மறைக்கும் பொத்தானைத் தட்டிப் பார்த்தேன். நீச்சல் பழகியவனைத் தக்கையைக் கழற்றிவிட்டு ஆற்றில் தள்ளினது மாதிரி ஆகிவிட்டது.

நான் முட்டி நிற்கும் இடம் இது. யாக்கோபு சாகும் காலம் நெருங்குகிறது. யோசேப்பை அழைத்து, என்னை எகிப்திலே அடக்கம் பண்ணாதே என்று ஆணை வாங்குகிறான். பிறகு "ரோஷ் ஹ-ம-ட-ஹ" மேல் சாய்ந்து தொழுகிறான். நம் தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமம் 47:31 "கட்டிலின் தலைமாட்டிலே" என்கிறது. எபிரெயர் 11:21 இதே யாக்கோபைப் பற்றிச் சொல்லும்போது "கோலின் முனையிலே" என்கிறது. மூலத்தில் மேம், தேத், ஹே என்று மூன்றே எழுத்து. மிட்டா என்று படித்தால் கட்டில், மட்டே என்று படித்தால் கோல்.

என் கேள்வி: புள்ளி இல்லாத பாடம் மட்டும் கையில் இருந்தால் நீங்கள் எதை எடுப்பீர்கள், ஏன்? விடை எனக்கும் தெரியும், புள்ளி "மிட்டா" என்கிறது. வழிதான் வேண்டும்.

(எபிரெய எழுத்தை இங்கே ஒட்டினால் வலம் இடமாகப் புரண்டுவிடுகிறது. தமிழிலேயே எழுதிவிடுவோம். எழுத்தின் பெயர்கள் 119ஆம் சங்கீதத்தில் தலைப்பாக வருபவைதான்.)

சுவடி_பித்தன்

நம்ம ஊர் ஆளுக்கு இது புதுசா என்ன? ஓலைச்சுவடியில் புள்ளி கிடையாது. குறில் எகரம், நெடில் ஏகாரம் வித்தியாசம் கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். இடம் பார்த்துத்தான் படித்தார்கள், அதே கதைதான் இது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோல்தான் சரி. புள்ளி வைத்தவர்கள் திபேரியாவில் இருந்த மசோரேத்தியர்கள். அவர்கள் வந்தது கிபி 7க்கும் 10க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில். அவர்களாக யோசித்து வைத்த உயிர்தான் "மிட்டா". கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு கிமு 3ஆம் நூற்றாண்டு. அதில் கோல் என்று இருக்கிறது. ஆயிரம் வருடம் பழைய சாட்சியை விட்டுவிட்டுப் பின்னால் வந்தவன் பேச்சை ஏன் கேட்க வேண்டும்? தவிர, யாக்கோபே 32:10இல் "கோலும் கையுமாய் இந்த யோர்தானைக் கடந்துபோனேன்" என்கிறான். வாலிபத்தில் பிடித்த கோலை வயசான பிறகு ஊன்றித் தொழுகிறான். கதை அழகாகப் பொருந்துகிறது.

ஜெபவீரன்77

பிரதர், உயிரெழுத்து இல்லாததால்தானே தேவனுடைய நாமத்தை யெகோவா என்றும் யாவே என்றும் சண்டை போடுகிறார்கள்? அதில் எது சரியான உச்சரிப்பு என்று முதலில் சொல்லுங்கள்.

ஓய்வு_வாத்தியார்

ஜெபவீரன் தம்பி, அது வேறு வகைச் சிக்கல். அந்த நான்கெழுத்தை வாசகர்கள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை, "அதோனாய்" என்றுதான் வாசித்தார்கள். அதை நினைவூட்டத்தான் அதோனாய் என்ற சொல்லின் உயிர்களை அந்த எழுத்துகளில் போட்டார்கள். இரண்டையும் கலந்து படித்ததில் வந்தது "யெகோவா". அங்கே புள்ளி அந்தச் சொல்லுடையதே அல்ல. ஜோ கேட்பது, புள்ளியே இல்லாத இடத்தில் எந்தச் சொல் என்று எப்படி அறிவது என்பது. இதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

சுவடிப்பித்தரே, நீங்கள் சொன்னதில் பாதி சரி. முதலில் ஓலை விஷயம். ஓலையில் உயிர் எழுதப்பட்டிருக்கிறது, குறிலா நெடிலா, புள்ளி உண்டா இல்லையா என்பதுதான் ஐயம். "கொடு"வா "கோடு"வா என்று தடுமாறலாம், "கிடு"வோ "குடு"வோ என்று யாரும் தடுமாற மாட்டார்கள். இங்கே அந்தப் பிடிமானமும் இல்லை. மூன்று மெய் தரப்பட்டிருக்கிறது, உயிர் முழுக்க உங்கள் பொறுப்பு.

ஆனால் முழுக்க இருட்டும் அல்ல. கடைசியில் நிற்கும் ஹே அங்கே உயிருக்கு அடையாளம்தான், மெய்யாக ஒலிக்காது. சொல் பெரும்பாலும் ஆ-விலோ ஏ-யிலோ முடிகிறது என்று சொல்லும், இரண்டில் எது என்று சொல்லாது. கட்டிலும் கோலும் குழம்புவது இந்த ஒரு எழுத்தால்தான். மிட்டா பெண்பால், ஆ-வில் முடியும். மட்டே ஆண்பால், ஏ-யில் முடியும். இரண்டையும் ஹே போட்டுத்தான் எழுதுவார்கள்.

ஜோ, நான் செய்வது இதுதான். முதலில் அந்த மூன்றெழுத்துக்கு என்னென்ன வாசிப்பு இருக்கிறது என்று எல்லாவற்றையும் எடுத்து வைப்பேன். இரண்டோடு நிற்காது. மிட்டா கட்டில். மட்டே கோல், அதே சொல்லே கோத்திரத்துக்கும். மட்டா என்றால் கீழே. உபாகமம் 27:19இல் நியாயத்தைப் புரட்டுகிறவன் என்று வருகிறதே, அங்கேயும் இதே மூன்றெழுத்துதான், அதையும் மட்டே என்றுதான் படிக்க வேண்டும். புள்ளி வைத்தாலும் கோலுக்கும் புரட்டுகிறவனுக்கும் உருவத்தில் வித்தியாசம் வராது என்பதைக் கவனியுங்கள். புள்ளி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடத்தைக் காட்டுவேன்.

அப்புறம் சொல் உட்கார்ந்திருக்கும் இருக்கையைப் பார்ப்பேன். முன்னால் "ரோஷ்", தலை. பிறகு "ஹ" என்ற சுட்டு. "இன்னதன் தலை" என்ற அமைப்பு. "கீழே" அங்கே உட்கார முடியாது. புரட்டுகிறவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. மிஞ்சுவது கட்டில், கோல், கோத்திரம்.

கண் வலிக்கிறது. மீதி நாளைக்கு.

ஹைஃபா_மேரி

சார் சொன்ன "கீழே" என்கிறதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துட்டு. நான் பைபிள் எபிரெயம் படிச்சவ இல்லை. குமரி மாவட்டம், இங்கே ஆறு வருஷமா ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கிறேன். பேச்சு நல்லா வரும், வாசிப்பு தட்டுத்தடுமாறி.

அந்த அம்மா அடுக்களையில துண்டுச்சீட்டு எழுதி வைப்பாங்க. ஒரு நாள் "தட்டத்தை எடுத்துக்கிட்டு லமெத்–மேம்–தேத்–ஹே" என்று இருந்தது. நான் "ல-மிட்டா", கட்டிலுக்கு, என்று படிச்சேன். அவங்களுக்குக் காலையில உடம்பு சரியில்லை, படுத்துத்தான் இருந்தாங்க, அதனால சந்தேகமே வரலை. டீ கிளாஸ் ஆறு, பிஸ்கட், எல்லாத்தையும் தட்டத்துல வச்சுக் கொண்டுபோய்க் கட்டில்மேல வச்சேன். அவங்க முழிச்சுப் பார்த்து, ஆறு கிளாஸும் எனக்கா என்று கேட்டாங்க! சாயங்காலம் கீழ்வீட்டு முற்றத்துக்கு ஆள் வருது, "லெ-மட்டா", கீழே கொண்டுபோ என்றுதான் எழுதியிருந்தாங்க.

கிளாஸ் ஆறு என்பதை நான் யோசிச்சிருக்கணும்.

அவங்க மகள் வாட்ஸ்அப்புல எழுதினா கட்டிலுக்கு நடுவுல ஒரு யோத் போட்டுடுவாங்க. இப்போ உள்ள ஆளுக அப்படித்தான் எழுதுறாங்க. அம்மா பழைய ஆள், போட மாட்டாங்க. பைபிள்ல அந்த யோத் இல்லையா சார்?

ஓய்வு_வாத்தியார்

மேரி அம்மா, இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை. "படுத்திருக்கிறார்" என்பது உங்களைக் கட்டிலுக்குத் தள்ளியது, "ஆறு கிளாஸ்" கீழே இழுத்திருக்க வேண்டும். இந்த வேலை முழுக்க அப்படித்தான். முதலில் கண்ணில் பட்ட சூழல் நம்மை ஒரு வாசிப்பில் உட்கார வைத்துவிடும், அதற்கு எதிரான சின்னத் தகவலை அப்புறம் நாமாகத் தேடிப் போக வேண்டும்.

யோத் இங்கே இல்லை. 47:31இல் வெறும் மேம், தேத், ஹே. இன்றைய எழுத்துமுறையில் படித்துப் பழகியவர்கள் பழைய பாடத்தில் வழுக்குவது இங்கேதான். யோத் இல்லாததால் "கட்டில் அல்ல" என்று முடிவு கட்டிவிடுவார்கள். 48:2இலும் யோத் இல்லை, ஆனால் அங்கே கட்டில்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் இஸ்ரவேல் அதன்மேல் உட்காருகிறான்.

நேற்று விட்ட இடத்துக்கு வருகிறேன். மூன்று மிஞ்சினால் பாலைப் பார்ப்பேன். எபிரெயத்தில் "இந்த" போன்ற சுட்டுச்சொல்லும் விகுதியும் பாலுக்கேற்ப மாறும், அந்த மாற்றம் பல சமயம் மெய்யெழுத்திலேயே தெரியும். யாத்திராகமம் 4:17இல் மோசேயிடம் "இந்தக் கோலை" என்று சொல்லும்போது கூடவே "ஹ-ஸே" வருகிறது. ஸாயின், ஹே, ஆண்பால். கட்டிலாக இருந்தால் ஸாயின், ஆலெப், தவ் என்று "ஸோத்" வந்திருக்கும். புள்ளியே வேண்டாம், கோல் என்று உறுதி. மறுபக்கம் 2 இராஜாக்கள் 1:4. அகசியாவிடம், நீ ஏறின கட்டிலிலிருந்து இறங்காமல் சாவாய் என்கிறார்கள். அங்கே "அதிலிருந்து" என்ற சொல் ஹே-யில் முடிகிறது, பெண்பால். ஆண்பால் என்றால் வௌ வந்திருக்கும். அங்கே கட்டில் உறுதி.

47:31இல் அப்படி ஒட்டிக்கொண்டு எதுவும் இல்லை. "ரோஷ் ஹ-மட்ஹ" என்றதோடு வசனம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டாயிரம் வருடமாக இந்தப் பேச்சு.

கேள்விக்குறி

மூன்றாவதை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்? "ரோஷ் ஹ-மட்டே" என்றால் கோத்திரத்தின் தலைவன் என்றும் ஆகுமே. எண்ணாகமம் 30ஆம் அதிகாரத் தொடக்கத்தில் மோசே கோத்திரத் தலைவர்களிடம் பேசும்போது இதே இரண்டு சொல்லின் பன்மைதான் வருகிறது. இஸ்ரவேல் யோசேப்பைக் குடும்பத் தலைவனாக ஏற்று வணங்குகிறான். 37ஆம் அதிகாரத்தில் சூரியனும் சந்திரனும் வணங்கின கனவு அப்போதுதானே நிறைவேறும்!

தாமிரபரணி_ஜோ

ஐயோ, இது நன்றாக இருக்கிறதே. கனவை நான் யோசிக்கவே இல்லை.

ஓய்வு_வாத்தியார்

நன்றாக இருப்பதுதான் பயம். ஒரு வாசிப்பு கதைக்கு மிகவும் அழகாகப் பொருந்தினால் நான் இரண்டு மடங்கு சந்தேகப்படுவேன். வினைச்சொல்லோடு வரும் இடைச்சொல்லைப் பாருங்கள். ஆளை வணங்கும்போது எபிரெயம் பெரும்பாலும் "ல" போடும், நம் நான்காம் வேற்றுமை மாதிரி. இங்கே இருப்பது "அல்", மேலே. தலைவன்மேல் வணங்கினான் என்பது இடிக்கிறது. சாத்தியமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சுமை கேள்விக்குறியின் தோளில்.

இதே "அல்" கட்டிலுக்கு உதவுகிறது. 1 இராஜாக்கள் 1:47இல் கிழவனான தாவீது, சாலொமோன் அரசனான செய்தி வந்ததும் படுக்கையின்மேல் வணங்குகிறான். அதே வினை, அதே "அல்", பிறகு படுக்கை. சொல் மட்டும் வேறு, அங்கே "மிஷ்காவ்", அதை வேறெதுவாகவும் படிக்க முடியாது. சாகப்போகும் பெரியவர், வாரிசு காரியம் முடிந்த நிம்மதி, படுத்த இடத்திலேயே தொழுகை. இந்த ஒரு வசனம் எனக்குப் பெரிய சாட்சி. கூடவே 48:2இலும் 49:33இலும் அதே கட்டில் வருகிறது, கடைசியில் கால்களை அதன்மேல் மடக்கிக்கொண்டுதான் யாக்கோபு உயிர் விடுகிறான்.

சுவடிப்பித்தருக்கு இரண்டு விஷயம். "கோலும் கையுமாய்" தமிழில் பொருந்துவது தமிழில் இரண்டுக்கும் "கோல்" என்று போட்டதால். 32:10இல் எபிரெயச் சொல் மட்டே அல்ல, "மக்கேல்". ஆதியாகமத்தில் கோல் என்ற பொருளில் மட்டே தெளிவாக வருவது 38ஆம் அதிகாரத்தில், யூதா தாமாரிடம் அடகு வைக்கும் கோல்.

அடுத்தது, மசோரேத்தியர் தாங்களாக யோசித்து வைத்தார்கள் என்பது. ஜெரோம் லத்தீனில் மொழிபெயர்த்தது 4ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். அப்போது திபேரியப் புள்ளி பிறக்கவே இல்லை. ஆதியாகமத்தில் அவர் போட்டது கட்டில். அரமேயத்தில் ஓங்கெலோஸ் தர்கூமும் கட்டில் என்கிறது. ஆக வாசிப்பு வாயில் இருந்தது, புள்ளி அதைக் குறித்து வைத்தது. இன்றைக்கும் ஜெப ஆலயத்தில் தோரா சுருளில் புள்ளி கிடையாது. வாசிப்பவர் புள்ளி போட்ட புத்தகத்தில் பழகிக்கொண்டு வந்துதான் சுருளில் படிக்கிறார்.

சுவடி_பித்தன்

மக்கேல் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஜெரோம் விஷயமும் சரி. ஆனால் கோலை விட மாட்டேன்.

எஸ்தர் 5:2 பாருங்கள். அவள் ராஜாவின் செங்கோலின் நுனியைத் தொடுகிறாள். அங்கே "ரோஷ்". கோலுக்கு "தலை" உண்டு என்று வேதமே காட்டுகிறது. கட்டிலுக்குத் தலைமாடு என்பது நம் தமிழில் இயல்பு, அதனால் நமக்கு உறுத்தவில்லை. ஆதியாகமம் 28இல் இதே யாக்கோபு கல்லைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கும்போது வரும் சொல் "ரோஷ்" அல்ல, "மெரஅஷோத்". தலைமாடு என்று சொல்ல ஒரு தனிச் சொல் இருக்கும்போது இங்கே ஏன் ரோஷ்?

இன்னொன்று. 48:1இல்தான் "உம்முடைய தகப்பனார் வியாதியாயிருக்கிறார்" என்று யோசேப்புக்குச் செய்தி போகிறது. 47:31இல் இன்னும் படுக்கையில் விழவில்லை என்றுதானே பொருள்?

ஓய்வு_வாத்தியார்

இந்த இரண்டுக்கும் தொப்பியைக் கழற்றுகிறேன். மெரஅஷோத் ஆளின் தலைப்பக்கம், ரோஷ் பொருளின் தலைப்பக்கம் என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் அது சமாதானம்தான்.

எழுபதின்மர் பக்கமும் ஒன்று சொல்கிறேன். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு மிட்டா தெரியாமல் இல்லை. 48:2இலும் 49:33இலும் கட்டில் என்றே போட்டிருக்கிறார். 47:31இல் மட்டும் கோல் என்கிறார். "உட்கார்ந்தான்", "கால்களை மடக்கினான்" என்று வினை பிடித்து நிறுத்தாத ஒரே இடத்தில். வியாதிச் செய்தி இன்னும் வரவில்லை என்று அவரும் நம் சுவடிப்பித்தர் மாதிரியே யோசித்திருக்கலாம். அல்லது அலெக்சாந்திரியாவில் அப்படித்தான் வாசித்து வந்தார்களோ என்னவோ. ஆனால் அவர் "தன் கோல்" என்று போட்டிருக்கிறார். எபிரெயத்தில் "தன்" இல்லை. இருந்தால் கடைசியில் ஒரு வௌ வந்திருக்கும். 38:18இல் தாமார் "உன் கோல்" என்று கேட்கும்போது விகுதி ஒட்டித்தான் வருகிறது. கோல் என்று படித்தால் யாருடையது என்ற கேள்வி எழுகிறது, அதை நிரப்ப அவர் ஒரு சொல் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்காமலே நிற்கும் வாசிப்புக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

எபிரெயர் நிருபம் எழுதியவர் கிரேக்க வேதத்தை எடுத்தாண்டார், அதனால் அங்கே கோல். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் இரண்டு இடத்திலும் எதிரே இருந்த மூலத்துக்கு உண்மையாக இருந்தார்கள். ஒன்றை மற்றொன்றுக்காகத் திருத்தவில்லை, நல்லவேளை.

என் கணக்கு: கட்டில், பத்துக்கு ஏழு.

சுவடி_பித்தன்

என் கணக்கு: கோல், பத்துக்கு ஆறு. முன்னால் பத்துக்குப் பத்து என்று இருந்தேன், நாலு குறைத்திருக்கிறேன், சந்தோஷப்படுங்கள்.

ஹைஃபா_மேரி

நான் ஆளைப் பார்த்துக்கிற வேலையில இருக்கிறதால ஒண்ணு சொல்லட்டா? வியாதின்னு பிள்ளைக்குச் சொல்லி அனுப்புறதுக்கு முன்னாடியே பெரியவங்க படுக்கையோட படுக்கையாத்தான் இருப்பாங்க. அந்தச் செய்தி எப்பவும் லேட்டாத்தான் போகும். 48:1ஐ வச்சு 47லே எழும்பி நின்னாருன்னு சொல்ல முடியாது. 48:2லயும் "பெலப்படுத்திக்கொண்டு" உட்கார்ந்தாருன்னுதானே இருக்கு? உட்காரவே அவ்வளவு பாடு.

தாமிரபரணி_ஜோ

மேரி அக்கா சொன்னதை என் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லப் போகிறேன்.

வாத்தியார் ஐயா, பழகிப் பார்க்க இன்னொரு இடம் தருவீர்களா? கொஞ்சம் சின்னதாக.

ஓய்வு_வாத்தியார்

ஏசாயா 9:8, எபிரெயத்தில் 9:7. டாலெத், பேத், ரேஷ். "ஆண்டவர் யாக்கோபுக்கு ஒரு … அனுப்பினார், அது இஸ்ரவேலின்மேல் விழுந்தது." தாவார் என்றால் வார்த்தை, தேவெர் என்றால் கொள்ளைநோய். புள்ளி "வார்த்தை" என்கிறது, கிரேக்கம் "மரணம்" என்கிறது. யோத், வௌ மாதிரி உதவியெழுத்து எதிர்பார்க்காதீர்கள், இரண்டுக்குமே வராது. இரண்டும் ஆண்பால் வேறு.

தாமிரபரணி_ஜோ

இரண்டு நாள் உட்கார்ந்தேன். இருக்கையில் இரண்டும் உட்காருகின்றன. பால் உதவவில்லை. "அனுப்பினார்" என்ற வினையைத் தேடினேன். ஆமோஸ் 4:10இல் தேவன் கொள்ளைநோயை அனுப்புகிறார். சங்கீதம் 107:20இல் தம் வார்த்தையை அனுப்புகிறார். சரிக்குச் சரி. "விழுந்தது" நோய்க்குத்தான் நெருக்கம் என்று முதலில் எழுதினேன். ஆனால் அடுத்த வசனத்தில் ஜனங்கள் எல்லாரும் அதை அறிவார்கள் என்று வருகிறது, அறிவதற்கு வார்த்தைதான் பொருத்தம் என்று அடித்தேன். பிறகு, கொள்ளைநோய் வந்தாலும் எல்லோருக்கும் தெரியத்தானே செய்யும் என்று அந்த அடித்தலையும் அடித்தேன்.

வார்த்தை, பத்துக்கு ஐந்தரை.

ஓய்வு_வாத்தியார்

அந்த அரை எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.